பீக்கிங் சிவப்பு கண்ணில், ஷார்ப் காதோரத்தில்: சின்னத் திரையில் எப்படிச் சரிபார்ப்பது?

தூரப்பார்வை

எல்லோருக்கும் வணக்கம். 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு, பழைய 85 மி.மீ. f/1.8 மேனுவல் லென்ஸ் பயன்படுத்துகிறேன். பெரும்பாலும் முகப்படங்கள்தான். ஆள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பார். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளில் நிறம் பூசிக் காட்டும் பீக்கிங்கை சிவப்பு நிறத்தில், நடுத்தர அளவில் வைத்திருக்கிறேன். ஃபோகஸ் ரிங்கைத் திருப்பும்போது கண்ணைச் சுற்றிச் சிவப்பு வந்ததும் நிறுத்திவிட்டு க்ளிக் செய்கிறேன்.

கேமராவின் பின்திரையில் படம் அருமையாகத் தெரிகிறது. கணினியில் திறந்து முழு அளவில் பார்த்தால் கண் மந்தமாக இருக்கிறது. காதுக்கு முன்னால் இருக்கும் முடிக்கற்றைதான் கூர்மையாக இருக்கிறது. எப்போதாவது ஒரு படம் இப்படி ஆனால் விட்டுவிடலாம், அநேகமாக எல்லாப் படத்திலும் இதேதான். சிவப்பு பொய் சொல்கிறதா? பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் திரை ஆடுகிற ஆட்டத்தில் எதுவும் பிடிபடுவதில்லை. எதை நம்பிப் படம் எடுப்பது?

முத்து_க்ளிக்

இது லென்ஸ் கேலிபரேஷன் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். மெனுவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். மைனஸ் பக்கம் கொஞ்சம் கொண்டுபோங்கள், ஃபோகஸ் முன்னால் வந்துவிடும். என் டிஎஸ்எல்ஆரில் இதே தொல்லை இருந்தது, அப்படித்தான் சரியாயிற்று.

கரும்பலகை

முத்து, அவர் கையால் ஃபோகஸ் செய்கிறார். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பிடிக்கும் சென்சார் தனி. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் வந்தால் அதைச் சரிக்கட்டத்தான் அந்த அட்ஜஸ்ட்மென்ட். இவர் பார்ப்பது படம் பிடிக்கிற அதே சென்சாரிலிருந்து வரும் காட்சி. அங்கே சரிக்கட்ட எதுவும் இல்லை.

தூரப்பார்வை, உங்களிடம் ஒரு கேள்வி. ரிங்கை எந்தப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு வருகிறீர்கள்? தூரத்திலிருந்து கிட்டத்துக்கா, கிட்டத்திலிருந்து தூரத்துக்கா?

தூரப்பார்வை

அக்கா, லென்ஸ் எப்போதும் இன்ஃபினிட்டியில்தான் நிற்கும். அங்கிருந்து கிட்டத்துக்குக் கொண்டுவருவேன். அது ஒரு காரணமாக இருக்குமா?

வெள்ளிமணி

அவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. பீக்கிங் அளவு நடுத்தரத்தில் இருப்பதுதான் பிரச்சினை. குறைந்த அளவில் வையுங்கள், மிகக் கூர்மையான விளிம்பு மட்டும் சிவப்பாகும். அதோடு இரண்டு வேலை செய்யுங்கள். பிக்சர் ஸ்டைலில் ஷார்ப்னெஸை முழுசாக ஏற்றுங்கள், பீக்கிங் துல்லியமாகும். அப்புறம் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுங்கள், சிவப்பு பளிச்சென்று தெரியும். ராவில் எடுத்தால் கோப்பில் கலர் அப்படியே இருக்கும். பெரிதாக்கிப் பார்க்கவே தேவையில்லை. நான் பல வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன்.

கரும்பலகை

வெள்ளிமணி சொன்னதில் பாதி சரி. அளவைக் குறைப்பது நல்ல யோசனை. கறுப்பு வெள்ளைத் திரையும் நல்ல யோசனைதான், அதில் ஒரு விலை இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் ஷார்ப்னெஸ் ஏற்றுவதை ஏற்க மாட்டேன். அந்த அமைப்பைப் பீக்கிங் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கேமராவாக இருந்தால், ஏற்ற ஏற்ற சிவப்பு கூடும். துல்லியம் கூடாது. கொஞ்சம் மந்தமான விளிம்பையும் அது கூர்மை என்று எண்ணிக்கொண்டு நிறம் பூசிவிடும். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. ஷார்ப்னெஸைக் குறைத்து வைத்தால் சிவப்பு கஞ்சத்தனமாக வரும், வருகிற இடத்தை ஓரளவு நம்பலாம்.

இப்போது தூரப்பார்வையின் கேள்விக்கு வருகிறேன். சிவப்பு பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றை நாம் அதனிடம் எதிர்பார்க்கிறோம். பீக்கிங் அளப்பது தூரத்தை அல்ல. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் வெளிச்சம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. அதையும் முழுப் படத்தில் பார்ப்பதில்லை. திரைக்காகச் சுருக்கிய காட்சியில்தான் பெரும்பாலான கேமராக்கள் பார்க்கின்றன.

எவ்வளவு சுருக்கம் என்று பாருங்கள். 10.4 லட்சம் புள்ளித் திரை என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். உண்மையில் அது குறுக்கே 720, நெடுக்கே 480 பிக்ஸல்தான். உங்கள் சென்சாரில் குறுக்கே 6000 பிக்ஸல். அதாவது திரையின் ஒரு பிக்ஸலுக்குள் சென்சாரின் எட்டுக்கும் மேற்பட்ட பிக்ஸல்கள் வரிசையாக அடங்கிவிடுகின்றன. சென்சார் அகலம் 36 மி.மீ. என்பதால், திரையின் ஒரு பிக்ஸல் சென்சாரில் 0.05 மி.மீ. இடத்துக்குச் சமம். அதைவிடச் சின்ன மங்கல் எதுவும் அந்தத் திரையில் தெரியாது. உங்கள் கண்ணுக்கும் தெரியாது, சுருக்கிய காட்சியை நம்பியிருக்கும் பீக்கிங்குக்கும் தெரியாது.

இதை ஃபோகஸ் ஆழமாக மாற்றுவோம். 85 மி.மீ., f/1.8, ஒன்றரை மீட்டர். 0.05 மி.மீ. மங்கல்வரை பரவாயில்லை என்று விட்டால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தம் 5.3 செ.மீ. கணினியில் முழு அளவில் பார்க்கிறீர்கள் இல்லையா, அங்கே இரண்டு பிக்ஸல் மங்கலையே கண் பிடித்துவிடும். இரண்டு பிக்ஸல் என்றால் 0.012 மி.மீ. அந்தக் கணக்கில் ஆழம் 1.3 செ.மீ.தான்.

கேமராத் திரைக்கு 5.3 செ.மீ. முழுதும் ஷார்ப். கணினிக்கு அதில் நாலில் ஒரு பங்குதான் ஷார்ப். நீங்கள் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வருகிறீர்கள். அந்த 5.3 செ.மீ. பட்டையின் முன்விளிம்பு கண்ணைத் தொட்டதுமே சிவப்பு வந்துவிடும். அங்கேயே நிறுத்திவிடுகிறீர்கள். அப்போது பட்டையின் நடு எங்கே இருக்கும்? கண்ணுக்கு இரண்டரை செ.மீ. பின்னால். நெற்றிப்பொட்டோரத்துக்கும் காதுக்கு முன்னால் இருக்கும் முடிக்கும் நடுவில் எங்கோ. எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் தவறுவதற்குக் காரணம் அதுதான். ஒரு படம் முன்னாலும் ஒரு படம் பின்னாலும் போயிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன்.

தூரப்பார்வை

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு உடனே பழைய படங்களைத் திரும்பப் பார்த்தேன். எல்லாமே பின்னால்தான் போயிருக்கிறது. ஒன்றுகூட மூக்குப் பக்கம் வரவில்லை.

அப்படியானால் கிட்டத்திலிருந்து தூரத்துக்குத் திருப்பினால் சரியாகுமா?

கரும்பலகை

அப்போது எல்லாம் மூக்குப் பக்கம் தவறும். ஒரு பக்கத்திலிருந்து வந்து, சிவப்பு தென்பட்டதும் நிறுத்துவதுதான் தவறுக்கு வேர்.

இப்படிச் செய்து பாருங்கள். சிவப்பு கண்ணில் வந்ததும் நிற்காமல் தொடர்ந்து திருப்புங்கள். சிவப்பு கண்ணைவிட்டு விலகி மூக்கு நுனிக்குப் போகும். கண்ணில் அது எங்கே தொடங்கியது, எங்கே போயிற்று என்று விரல் நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய மேனுவல் லென்ஸில் ரிங் நீளமாகச் சுழலும், அதனால் இது எளிது. அந்த இரண்டு முனைக்கும் நடுவுக்குத் திரும்பி வாருங்கள். அங்கேதான் பெரிதாக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பீக்கிங் கிட்டத்தட்ட இடத்துக்குக் கொண்டுவந்து விடும், கடைசி ஒரு செ.மீ.யைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

இலைப்பூச்சி

நான் மேக்ரோ எடுப்பவன். எனக்குப் பீக்கிங் இல்லாமல் வேலையே நடக்காது. ஆனால் ரிங்கைத் தொடவே மாட்டேன். உருப்பெருக்கத்தை முடிவு செய்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பேன். பூச்சியின் கண்மேல் சிவப்பு ஊர்ந்து போகும்போது க்ளிக். கையில் பிடித்திருக்கும்போது பெரிதாக்கினால் பூச்சியே திரையில் இருக்காது. ஆகவே பெரிதாக்குவது டிரைபாட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பது என் கருத்து. முகப்படத்துக்கும் இப்படி உடம்பை அசைத்தே எடுக்கலாமே?

கரும்பலகை

மேக்ரோவில் நீங்கள் செய்வது சரி. அங்கே f/8, f/11 வைத்து ஃபிளாஷ் அடிப்பீர்கள். அத்தனை அருகில் ஃபோகஸ் கொஞ்சம் தள்ளினாலே பெரிய மங்கலாகிவிடும், அதனால் சிவப்புப் பட்டையும் மெல்லியதாக இருக்கும். அது ஊர்வது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை மீட்டரில் முகம் எடுக்கும்போது பட்டை முழுக் கண் குழியையும் மூடிவிடுகிறது. அது எதன்மேல் ஊர்கிறது என்றே தெரியாது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணிமை முடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ பத்தில் ஒரு மி.மீ. இந்த லென்ஸில், இந்தத் தூரத்தில், சென்சார்மேல் அது 0.006 மி.மீ. ஆகிறது. சென்சாரின் ஒரே ஒரு பிக்ஸல் அகலம். திரையில் ஒரு பிக்ஸலில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் கண்ணில் சிவப்பு வந்தபோது இமை முடிகளைக் கண்டுபிடித்துத்தான் நிறம் பூசியது என்று எண்ண வேண்டாம். இமைகளின் கறுப்புத் திரளும் கண்ணின் வெள்ளையும் சேரும் எல்லையை அது பார்த்திருக்கிறது. அந்த எல்லை கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் அதற்குப் போதும்.

இதே காரணத்தால்தான் கண்ணாடி போட்டவர்களை எடுக்கும்போது ஃபிரேம் முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளி நிற்கும் ஃபிரேம் அது. பின்னால் வெளிச்சம் இருந்தால் தலைமுடி விளிம்பும் அப்படித்தான். ஃபோகஸில் இல்லாவிட்டாலும் வெளிச்ச வேறுபாடு அவ்வளவு பலமாக இருப்பதால் நிறம் ஏறிவிடும். இருட்டில் காட்சி புள்ளி புள்ளியாக நுரைக்கும்போது அந்த நுரைக்குக்கூடச் சிவப்பு பூசும் கேமராக்கள் உண்டு.

நகரும்படம்

நான் வீடியோக்காரன், என் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். லாக் புரொஃபைலில் எடுக்கும்போது பீக்கிங் கிட்டத்தட்ட வருவதே இல்லை. சாதாரண புரொஃபைலில் நன்றாக வருகிறது. கேமரா கோளாறா? அப்புறம் ரெக்கார்டிங் ஓடும்போது என் கேமராவில் பெரிதாக்க முடியாது.

கரும்பலகை

கோளாறு இல்லை. லாக்கில் காட்சியே வெளுத்துப் போய், வெளிச்ச வேறுபாடு அமுங்கிக் கிடக்கும். பீக்கிங் தேடுவது அந்த வேறுபாட்டைத்தான். காட்சிக்கு மட்டும் வழக்கமான கான்ட்ராஸ்ட் தருகிற வியூ அசிஸ்ட் போன்ற வசதி உங்கள் மெனுவில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். பதிவாவது லாக்காகவே இருக்கும். சில கேமராக்களில் பீக்கிங்குக்கும் அது உதவும், சிலவற்றில் உங்கள் கண்ணுக்கு மட்டும் உதவும். அதை உங்கள் கேமராவில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் லாக்கில் மட்டும் பீக்கிங் அளவை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டிங்கில் பெரிதாக்க முடியாவிட்டால், தொடங்கும் முன் ஆள் வந்து நிற்கப்போகும் இடங்களில் பெரிதாக்கிப் பார்த்து ரிங்கில் குறித்துக்கொள்ளலாம். முழுக்க மேனுவல் லென்ஸ் என்றால் அந்தக் குறி நிலையாக நிற்கும். மின்சாரத்தில் ஓடும் ரிங் என்றால் பலவற்றில் வேகமாகத் திருப்பினால் ஒரு கணக்கு, மெதுவாகத் திருப்பினால் வேறு கணக்கு. குறி நிற்காது.

தூரப்பார்வை

சரி, நடுவைப் பிடித்துப் பார்த்தேன். நிறையவே முன்னேற்றம். ஆனால் பெரிதாக்கும்போது ஆட்டம் தாங்கவில்லை. என் கேமராவில் முதல் அழுத்தில் 5.9 மடங்கு, அடுத்த அழுத்தில் 11.7 மடங்கு என்று திரையில் காட்டுகிறது. பெரிதாக்கினால் துல்லியம் கூடுமே என்று 11.7-க்குத்தான் போகிறேன். அங்கே எல்லாமே மந்தமாகத் தெரிகிறது.

கரும்பலகை

11.7 வேண்டாம். திரை முழுப் படத்தையும் 8.3 மடங்கு சுருக்கிக் காட்டுகிறது என்று பார்த்தோம் அல்லவா? அப்படியானால் 8.3 மடங்கு பெரிதாக்கினால் சென்சாரின் ஒரு பிக்ஸல் திரையின் ஒரு பிக்ஸலுக்குச் சரியாக வந்துவிடும். 11.7 அதைத் தாண்டிவிட்டது. இல்லாத விவரத்தை இழுத்துக் காட்டுகிறது, அதனால்தான் சரியான ஃபோகஸும் அங்கே மந்தமாகத் தெரிகிறது. 5.9-ல் திரையின் ஒரு பிக்ஸலுக்கு சென்சாரின் ஒன்றரை பிக்ஸல்கூட இல்லை. கண்ணை முடிவு செய்ய அது தாராளமாகப் போதும், ஆட்டமும் பாதியாகிவிடும். டிரைபாட்டில் அசையாப் பொருள் எடுக்கும்போது 11.7 வைத்துக்கொள்ளலாம். அங்கேகூட கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ரிங்கை முன்னும் பின்னும் ஆட்டி, எந்த இடத்தில் மற்ற இடங்களைவிடத் தெளிவாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு இன்னொன்று. கேமரா பாடிக்குள் ஸ்டெபிலைசர் இருந்தால், தொடர்பு முனை இல்லாத பழைய லென்ஸுக்கு ஃபோகல் லெங்த்தை நாமே மெனுவில் 85 என்று கொடுக்க வேண்டும். அது வேறு எண்ணில் இருந்தால் கேமரா ஆட்டத்தைத் தவறான அளவில் சரிக்கட்டும்.

பெரிதாக்கிய பிறகு பார்க்க வேண்டிய இடம் இமையின் நடு அல்ல. கிட்டத்தில் இருக்கும் கண்ணின் கருவிழியில் ஜன்னலோ விளக்கோ சின்ன வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலிக்கும். அதன் விளிம்பைப் பாருங்கள். உங்கள் லென்ஸ் பழைய f/1.8 என்பதால் அங்கே ஒரு நல்ல தடயம் கிடைக்கும். ஃபோகஸ் விழுந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளின் விளிம்பில் லேசாகப் பச்சை படரும். முன்னால் இருப்பவற்றில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு படரும். கருவிழிப் புள்ளியில் பச்சை தெரிந்தால் கண், ஃபோகஸுக்குப் பின்னால் இருக்கிறது. ரிங்கைத் தூரத்துப் பக்கம் ஒரு நூல் தள்ள வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் கிட்டத்துப் பக்கம். இரண்டு நிறமும் மறைந்து புள்ளி வெறும் வெள்ளையாகச் சுருங்கும் இடம்தான் உங்கள் இடம். பீக்கிங்கோ வெறும் மங்கலோ, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த நிறம் சொல்கிறது.

நிறப்பிழையை நன்றாகத் திருத்திய புது லென்ஸ்களில் இது தெரியாது. f/4 போல மூடிவிட்டாலும் மங்கிவிடும். வெள்ளிமணி சொன்ன கறுப்பு வெள்ளைத் திரைக்கு ஒரு விலை இருக்கிறது என்றேன் அல்லவா, இதுதான் அது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினால் இந்தத் தடயம் காணாமல் போய்விடும்.

வெள்ளிமணி

பச்சை, இளஞ்சிவப்பு விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. நிறத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன், அது லென்ஸின் குறை என்று மட்டும்தான் எண்ணியிருந்தேன். ஆனால் கறுப்பு வெள்ளையை நான் விட மாட்டேன். வெயிலில் திரையே சரியாகத் தெரியாதபோது இவ்வளவு மெல்லிய நிறத்தை யார் பார்ப்பது? அங்கே சிவப்புக் கோடு ஒன்றுதான் தெரிகிறது.

கரும்பலகை

வெயிலில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். வியூஃபைண்டர் இருந்தால் வெயிலில் அதற்குள் போய்விடுவேன். பின்திரையைவிட அதில் பிக்ஸலும் கூடுதல். 23.6 லட்சம் புள்ளி என்று போட்டிருந்தால் 1024-க்கு 768. அதன் டயாப்டர் சக்கரத்தை மட்டும் முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பாதீர்கள், மெனு எழுத்தைப் பார்த்துத் திருப்புங்கள். எழுத்து எப்போதும் கூர்மையாகவே இருக்கும், மந்தமாகத் தெரிந்தால் டயாப்டர்தான் காரணம் என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

பழையலென்ஸ்

பெரிதாக்கும்போது பீக்கிங்கை அணைக்க வேண்டுமா, வேண்டாமா? என் கேமராவில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கிறது. எனக்கு அறுபது கடந்துவிட்டது. மெல்லிய விளிம்பைக் கண் பிடிப்பதில்லை. பெரிதாக்கிய காட்சியில் மஞ்சள் பீக்கிங் இருந்தால் அது எங்கே அடர்த்தியாகிறது என்று பார்த்து நிறுத்துகிறேன். நல்ல பலன்.

கரும்பலகை

ஐயா, நான் அணைத்துவிடுவேன். நான் பார்க்க விரும்பும் விளிம்பின் மேலேயே அது நிறம் பூசுகிறது, கருவிழிப் புள்ளியின் பச்சையும் தெரியாமல் போகிறது. ஆனால் உங்கள் வழி தவறு இல்லை. பெரிதாக்கிய பின் கேமரா சென்சாரின் சின்னப் பகுதியை மட்டும் முழு விவரத்தோடு படிக்கிறது. அதன்மேல் வரும் பீக்கிங் முழுத்திரைப் பீக்கிங்கைவிடக் கண்டிப்பாக இருக்கும். பெரிதாக்கியதும் முக்கால்வாசி நிறம் காணாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள்.

பழையலென்ஸ்

ஆமாம், போகிறது. மிஞ்சுவதைத்தான் நம்புகிறேன். அணைத்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

இலைப்பூச்சி

நான் பழையலென்ஸ் ஐயா பக்கம். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் எனக்கும் வசதி.

தூரப்பார்வை

அக்கா சொன்ன கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு வேலை செய்தேன். அச்சடித்த தாள் ஒன்றை 45 டிகிரி சாய்த்து, ஒன்றரை மீட்டரில் வைத்து, கேமராவை டிரைபாட்டில் நிறுத்தினேன். நடுவில் ஒரு வரிக்கு மட்டும் பேனாவால் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். முதலில் என் பழைய வழக்கப்படி, இன்ஃபினிட்டியிலிருந்து வந்து, அடிக்கோட்டில் சிவப்பு வந்ததும் நிறுத்தினேன். திரையில் சிவப்புப் பட்டை நிறைய வரிகளை மூடியிருந்தது, அடிக்கோடு அதன் கீழ் ஓரத்தில் இருந்தது. கணினியில் பார்த்தால் அடிக்கோட்டுக்கு மேலே, தூரத்துப் பக்கம், சில வரிகள் மட்டும் கூர்மை. அடிக்கோட்டு வரி மந்தம்.

அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தேன். இந்த முறை கூர்மை அடிக்கோட்டுக்குக் கீழே விழுந்தது. நடுவைப் பிடித்து 5.9-ல் முடித்த படத்தில் அடிக்கோட்டு வரி மிகத் தெளிவு. எழுத்துகளின் ஓரத்தில் மேல்பக்கம் பச்சையும் கீழ்ப்பக்கம் இளஞ்சிவப்பும் உண்மையிலேயே தெரிந்தன!

ஆனால் ஆளை வைத்து எடுக்கும்போது இன்னும் சில படங்கள் தவறுகின்றன. இப்போது ஒரே பக்கமாக இல்லை, முன்னும் பின்னும் கலந்து வருகின்றன.

கரும்பலகை

நல்ல சோதனை. சிவப்புப் பட்டை தாளின் மேல் ஏழரை செ.மீ. போல நீண்டிருக்கும், கூர்மையான வரிகள் இரண்டு செ.மீ.க்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாய்வில் அந்த 5.3-உம் 1.3-உம் அப்படித்தான் நீளும்.

முன்னும் பின்னும் கலந்து வருகிறது என்றால் இப்போது ஃபோகஸ் செய்வதில் தவறு இல்லை, அதற்குப் பிறகு நேரம் போகிறது. பெரிதாக்கிக் கண்ணைச் சரிபார்க்கிறீர்கள். பிறகு முழுக்காட்சிக்குத் திரும்புகிறீர்கள், சட்டகத்தைச் சரிசெய்கிறீர்கள், அப்புறம் க்ளிக். அதற்குள் உங்கள் உடம்பு ஒரு செ.மீ. அசையும், எதிரில் இருப்பவர் மூச்சு விடுவார். கையில் இருப்பது 1.3 செ.மீ. ஆழம்தான். டிரைபாட்டில் வைத்த தாளில் தவறவில்லை, ஆளில் தவறுகிறது என்றாலே காரணம் இதுதான்.

நான் செய்வது இது. முதலில் சட்டகத்தை முடிவு செய்துவிடுவேன். பெரிதாக்கும் பெட்டியைக் கண் இருக்கும் இடத்துக்கு முன்கூட்டியே நகர்த்தி வைப்பேன், நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்ப மாட்டேன். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானில் பெரிதாக்குவதை வைத்திருக்கிறேன். ஷட்டரைப் பாதி அழுத்தினால் முழுக்காட்சி திரும்பிவிடும், உடனே க்ளிக். அதோடு மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுப்பேன். சட்டகம் ஏற்கெனவே நிலையாக இருந்தால் பெரிதாக்கிய காட்சியிலிருந்தே க்ளிக் செய்வதும் உண்டு. f/2.8-க்குப் போனால் ஆழம் இரண்டு செ.மீ. ஆகிறது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், கையில் பிடித்து எடுக்கும்போது அது தெரியும்.

பழையலென்ஸ்

f/2.8 என்றதும் ஒரு எச்சரிக்கை. f/1.8-ல் ஃபோகஸ் செய்துவிட்டு 2.8-க்கு மூடினால், சில பழைய லென்ஸ்களில் ஃபோகஸே நகர்ந்துவிடும், பெரும்பாலும் பின்பக்கம். எந்த அபர்ச்சரில் எடுக்கப் போகிறோமோ அதே அபர்ச்சரில் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கரும்பலகை

2.8-ல் ஐயா சொல்வதையே செய்யுங்கள். ஆனால் f/5.6, f/8 என்று போகும்போது நான் திறந்து வைத்துத்தான் ஃபோகஸ் செய்கிறேன். மூடியிருக்கும்போது பட்டை அவ்வளவு அகலமாகிவிடுகிறது, நடுவைக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. நகர்ந்தாலும் அந்த ஆழத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

பழையலென்ஸ்

பெரும்பாலும் என்கிறீர்கள். என்னிடம் இருக்கும் ஒரு 50 மி.மீ.-யில் அடங்குவதில்லை. லென்ஸைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாய்ந்த தாளை இரண்டு அபர்ச்சரிலும் எடுத்துப் பார்த்தால் அவரவர் லென்ஸுக்கு விடை தெரிந்துவிடும்.

நகரும்படம்

இடையில் ஒன்று. எடுத்த படத்தைக் கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்த்துச் சரிபார்த்தால் இவ்வளவு கஷ்டம் இல்லையே? மந்தமாக இருந்தால் அங்கேயே மறுபடி எடுத்துவிடலாம்.

இலைப்பூச்சி

செய்யலாம், ஆனால் ரா மட்டும் எடுத்தால் ஏமாற்றும். கேமரா பிளேபேக்கில் காட்டுவது ராவை அல்ல, அதற்குள் வைத்திருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை. சில கேமராக்களில் அது 1616-க்கு 1080 அளவுதான். அதைப் பெரிதாக்கினால் நல்ல படமும் மந்தமாகத் தெரியும். அப்படி நினைத்து நல்ல படங்களை அங்கேயே அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். ராவோடு பெரிய அளவு ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் பிளேபேக்கில் முழு விவரம் கிடைக்கும். கேமரா அந்த ஜேபெக்கைக் கொஞ்சம் ஷார்ப் செய்துதான் காட்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை

அதோடு, பிளேபேக்கில் கண் மந்தமாக இருந்தால் உடனே ஃபோகஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். பெட்டியை நகர்த்திக் காது, மூக்கு, சட்டைக் காலர் எல்லாவற்றையும் பாருங்கள். எங்காவது ஓரிடம் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எங்குமே கூர்மை இல்லாமல், கருவிழியின் வெள்ளைப் புள்ளி ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம். ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும், ரிங்கில் விடை இல்லை.

தூரப்பார்வை

கடைசிச் சந்தேகம். தவறிய சில படங்களில் நீங்கள் சொன்னபடி பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றில் காலர் கூர்மை, அது ஃபோகஸ். இன்னொன்றில் எங்குமே கூர்மை இல்லை, ஆனால் புள்ளி கோடாகவும் இல்லை, வட்டமாகவே மங்கியிருக்கிறது. 1/200-ல் எடுத்தது.

கரும்பலகை

வட்டமாக மங்கியிருந்தால் கை ஆட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஃபோகஸ் மூக்குக்கும் முன்னால், காற்றில் விழுந்திருக்கலாம். அப்போது படத்தில் எங்குமே கூர்மை இருக்காது. புள்ளியின் விளிம்பு பச்சையா என்று பாருங்கள்.

தூரப்பார்வை

பச்சைதான்.

முத்து_க்ளிக்

என் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில் பெரிதாக்கினாலும் இந்தப் பச்சை தெரியுமா? என்னிடம் 50 மி.மீ. f/1.8 இருக்கிறது.

கரும்பலகை

தெரியும் முத்து. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும்போது, இருட்டுப் பின்னணியில் பளபளக்கும் எதையாவது வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்பூன் விளிம்பு போதும்.